கூடையும் மூட்டையும்

மாசி மாதத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா கூடும்போது, பலூன்காரனுக்கும் பஞ்சுமிட்டாய்க்காரனுக்கும் நடுவே, அகன்ற மூங்கிற் கூடை ஒன்றில் ரோஜா நிறமும் கிளிப்பச்சையும் ஊதாவுமாகச் சாயம் தோய்த்த கோழிக்குஞ்சுகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான்; குழந்தைகள் அந்தக் கூடையை விட்டு நகர மாட்டா; தாய்மார்களும் இரண்டு மூன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிழைத்தால் முட்டைக்காயிற்று என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். கால்நடை மருத்துவனாக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தக் கணக்கு ஒருநாளும் கைகூடாது என்பதை நான் அறிவேன். அந்தக் குஞ்சுகள் ஏறக்குறைய யாவும் சேவல்கள். முட்டைக்கென்றே விருத்தி செய்யப்பட்ட வெள்ளைக் கோழி வம்சத்தில், பொரித்த அன்றே ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்து, பெட்டைகளை முட்டைப் பண்ணைகளுக்கு அனுப்பிவிட்டு, எதற்கும் உபயோகமில்லை என்று ஒதுக்கப்பட்ட ஆண்குஞ்சுகளே சாயம் பூசிக்கொண்டு திருவிழாவுக்கு வருகின்றன.

எதற்கும் உபயோகமில்லை என்று சொன்னது கடுமையாகத் தோன்றலாம்; ஆனால் பிராய்லர்க் கோழி இரண்டு கிலோவைத் தொடும் ஆறாவது வாரத்தில் இந்தச் சேவல் அரைக்கிலோவைச் சுற்றித்தான் நிற்கும் என்பதைத் தராசில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தின்கிற தீனியையெல்லாம் முட்டையாக மாற்றுகிற உடம்பை வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், அந்த உடம்பு சதை போடுவதை மறந்துவிடுகிறது. சதையை வேண்டுமென்று தேர்ந்தெடுத்தால் முட்டை குறைந்துபோகிறது. ஆகவே, புறக்கடையில் பத்திருபது கோழி வளர்க்க எண்ணுகிறவர் குஞ்சு விற்பவரிடம் முதலாவதாகக் கேட்கவேண்டியது விலையன்று. இந்தக் குஞ்சின் தாய் தகப்பன் எதற்காக வளர்க்கப்பட்டவை என்பதே.

எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் அம்மையார் ஒருவர் இந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள மூன்று தடவை குஞ்சு வாங்கவேண்டியிருந்தது. முதல் தடவை பேரனுக்காகத் திருவிழாக் கூடையில் வாங்கிய ஆறு குஞ்சுகளில் ஒன்று மட்டும் பிழைத்து, சாயமெல்லாம் உதிர்ந்து, ஒட்டடைக்குச்சி போல நீண்ட கால்களோடு ஒரு வெள்ளைச் சேவலாக அவர் வாசலில் வெகுநாள் உலாவிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை நடந்ததைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால், குஞ்சின் இனத்தைப் பற்றிய ஏமாற்றமும் தீவன மூட்டையைப் பற்றிய ஏமாற்றமும் அந்த ஒரே நிகழ்ச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன.

மொபெட்டின் பின்னால் வலைக்கூண்டு கட்டிக்கொண்டு ஊர் ஊராக வரும் வியாபாரி ஒருவரிடம், "சுத்தமான சிறுவிடை" என்ற வார்த்தையை நம்பி, இரண்டு வாரம் ஆன இருபத்துநான்கு குஞ்சுகளை அவர் வாங்கினார். கொங்கு நாட்டில் நாட்டுக்கோழியைப் பெருவிடை என்றும் சிறுவிடை என்றும் இரு சாதியாகச் சொல்லுவது வழக்கம். பெருவிடை என்பது சண்டைச் சேவலுக்குப் பேர்போன அசீல் வம்சத்தை ஒட்டியது. உயரமும் எடையும் மிகுதி, முட்டை குறைவு. சிறுவிடை உருவத்தில் சிறியது. ஆனால் அடை காப்பதிலும் குஞ்சைப் பருந்துக்கும் காக்கைக்கும் கொடுக்காமல் வளர்ப்பதிலும் அதற்கு நிகர் இல்லை. அம்மையார் காட்டிய குஞ்சுகளைப் பார்த்தவுடனேயே எனக்குச் சந்தேகம் எழுந்தது. இருபத்துநான்கும் ஒரே செம்பழுப்பு, ஒரே உயரம், ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. ஊர்க்கோழி வம்சத்தை யாரும் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்லை. ஆதலால் ஒரு தாயின் அடையிலேயே கறுப்பும், சாம்பலும், முதுகில் அணில்கோடு போட்டதும், வெளிர்மஞ்சளும் கலந்து பொரிக்கும். ஒரு கூட்டம் முழுவதும் ஒரே நிறமாக இருப்பின், அது யாரோ ஒருவர் ஒரு நோக்கத்துக்காக வரிசைப்படுத்தி வளர்த்த வம்சம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது குற்றமன்று, அதை நாட்டுக்கோழி என்று பெயரிட்டு நாட்டுக்கோழி விலைக்கு விற்பதுதான் குற்றம்.

வரிசைப்படுத்திய வம்சங்களில் நல்லவை பல உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம். ஹைதராபாத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உண்டாக்கிய வனராஜா முட்டைக்கும் கறிக்கும் பொதுவானது. அதே நிலையத்தின் கிராமப்ரியா முட்டையை முதன்மையாக நோக்கியது. நம் மாநிலக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் நந்தனம் கோழி என்ற பெயரில் சில இனங்களை வெளியிட்டிருக்கிறது. மேய்ச்சலோடு சிறிது தீனியும் கிடைத்தால் ஊர்க்கோழி ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டையும், வனராஜா நூறுக்குச் சற்று மேலும், கிராமப்ரியா நூற்றைம்பதைத் தாண்டியும் இடும் என்று பொதுவாகச் சொல்லலாம். இந்த எண்களை மாத்திரம் பார்த்தால் யாரும் கிராமப்ரியாவைத்தான் வாங்குவார்கள். எண்களுக்குப் பின்னால் இருக்கிற காரணத்தைப் பார்த்தால் சற்றுத் தயங்குவார்கள்.

ஊர்க்கோழி பதினைந்து முட்டை இட்டதும் அதன் இரத்தத்தில் ப்ரோலாக்டின் என்ற சுரப்பு உயர்ந்து, சினைப்பையின் வேலை நின்று, வயிற்றடி சூடேறி, மூலையில் உட்கார்ந்து கொக்கரித்து, கிட்டப் போனால் கையைக் கொத்துகிறது. இதை எங்கள் பக்கத்தில் அவயத்துக்கு உட்காருதல் என்பார்கள். இருபத்தொரு நாள் அடை, அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சுகளோடு அலைச்சல் என்று போய்விட்டால், ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடுகளுக்குமேல் அது எப்படி இட முடியும்? முட்டையைப் பெருக்க விரும்பிய ஆராய்ச்சியாளர்கள் இந்த அவய சுபாவத்தையே வம்சத்திலிருந்து களைந்தெடுத்தார்கள். அதன் பலனாக, அதிக முட்டை இடும் கோழி தன் முட்டையைத் தானே பொரிக்கத் தெரியாத கோழியாயிற்று. போதாக்குறைக்கு, அவை இரண்டு மூன்று வம்சங்களைக் கலந்து உண்டாக்கியவை. வீட்டிலேயே சேவலோடு விட்டு அடுத்த தலைமுறையை எடுத்தால், தாயின் குணம் சிலவற்றிலும் பாட்டியின் குணம் சிலவற்றிலுமாகச் சிதறிப்போய், முதலில் வாங்கியதன் லட்சணம் மங்கிவிடும். ஆகையால் கிராமப்ரியா வாங்குகிறவர் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை மறுபடியும் அதே பொரிப்பகத்தின் வாசலில் நிற்கவேண்டியவர். சிறுவிடை வாங்குகிறவர் ஒரே தடவை சரியாக வாங்கினால் போதும். என் சொந்த அபிப்பிராயம், நாலைந்து சிறுவிடைப் பெட்டைகளை வைத்துக்கொண்டு, உயர்ந்த இனத்தின் அடைமுட்டைகளை வாங்கி அவற்றின் அடியில் வைப்பதே குறைந்த செலவில் இரண்டு நன்மையையும் பெறும் வழி என்பது. கறுங்கோழி எனப்படும் கடக்நாத்தை மருந்து என்று நம்பி மூன்று பங்கு விலை கொடுப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அதன் கருமை, நிறமிச் செல்கள் தோலோடு நில்லாமல் எலும்புவரை பரவியிருப்பதால் வருவது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அம்மையாருடைய செம்பழுப்புக் குஞ்சுகளுக்குத் திரும்புவோம். அவை எந்த வம்சமாயிருந்தாலும் வளர்ந்திருக்கும். ஆனால் எட்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை அவர் என் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க டாக்டருங்களே, நம்ம குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்துருச்சுங்க, ரெண்டு போயிருச்சு" என்றார்.

வெள்ளைக் கழிச்சல் என்பது கோழி வளர்ப்பவர்களின் நெஞ்சை நடுங்கச் செய்யும் பெயர். இமயமலைச் சாரலில் அது கண்டறியப்பட்ட ஊரின் பெயரால் ராணிக்கேட் நோய் என்று நூல்களில் வழங்குவது. அது வந்தால் இரண்டோடு நிற்காது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிழைத்தவற்றில் சில கழுத்தைத் திருகிக்கொண்டு நட்சத்திரம் பார்ப்பது போல நிற்கும். தடுப்பூசி போடாத கூட்டமாயின் நாலைந்து நாளில் கூண்டு காலியாகிவிடும். அம்மையார் வீட்டிலோ இரண்டாம் குஞ்சு இறந்தது முதற்குஞ்சு இறந்த ஆறாம் நாள். மற்றவற்றில் மூன்று நான்கு மட்டும் சிறகைத் தொங்கவிட்டு, தண்ணீரை மிகுதியாகக் குடித்துக்கொண்டு, சுண்ணாம்புக் குழம்பு போலக் கழிந்துகொண்டிருந்தன. இறந்ததைத் திறந்து பார்த்தேன். இதயத்தைச் சுற்றிய உறைமேலும் ஈரல்மேலும் யாரோ சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டது போல வெண்படலம். சிறுநீரகங்கள் வீங்கி வெளுத்து, அவற்றிலிருந்து இறங்கும் குழாய்கள் வெண்ணூல் போலத் தடித்திருந்தன. கோழிக்குச் சிறுநீர் என்று தனியாகக் கிடையாது. உடம்பின் நைட்ரஜன் கழிவு யூரிக் அமிலமாக வெள்ளைப் பசைபோல எச்சத்தோடு வெளியேறும். சிறுநீரகம் கெட்டால் அந்தப் பசை வெளியே போக வழியில்லாமல் உள்ளுறுப்புகளின்மேல் படிகிறது. நான் முதலில் கேட்டது மருந்தைப் பற்றியன்று. தீவன மூட்டையைக் காட்டுங்கள் என்றேன்.

ஐம்பது கிலோ மூட்டை, பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. வாயில் தைத்திருந்த சீட்டு இன்னும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் "லேயர்" என்று பெரிதாகவும், கால்சியம் 3.5 சதவீதம் என்று சிறிதாகவும் அச்சிட்டிருந்தது. குஞ்சுத் தீவனம் தீர்ந்துவிட்டது, இதுவும் கோழித் தீவனந்தான் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அவர் மூன்றாம் வாரத்திலிருந்து போட்டு வந்திருக்கிறார்.

முட்டையிடும் கோழிக்கு அந்தச் சுண்ணாம்பு ஏன் வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு முட்டையோட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. கோழி நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் தின்னுமானால், 3.5 சதவீதத்தின்படி அதற்குக் கிடைப்பது நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதியைத்தான் உடம்பு உறிஞ்சும். வரவும் செலவும் நேராகிவிடும். முட்டையே இடாத குஞ்சுக்கோ அந்தச் செலவு இல்லை. எலும்பு வளர்ச்சிக்கு ஒரு சதவீதம் போதும். மிச்சமெல்லாம் பிஞ்சுச் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறியாகவேண்டும். வாரக்கணக்கில் அந்தப் பாரத்தைச் சுமந்து அது தளர்ந்துவிடுகிறது. இதிலே தொல்லை என்னவென்றால், தளர்ச்சி உடனே வெளிப்படுவதில்லை. சில சமயம் குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வரும் தறுவாயில் திடீரென்று விழுந்து இறக்கும். தீவனத்தை அப்போது யார் நினைப்பார்கள்? அம்மையாருக்கு மூட்டையை மாற்றச் சொல்லி, தண்ணீர் தாராளமாக வைக்கச் சொன்னேன். மேலும் மூன்று இறந்து, பத்தொன்பது நின்றன.

தீவனச் சீட்டைப் படிப்பதில் இதுதான் முதற்பாடம்: கோழியின் வயதும் மூட்டையின் பெயரும் பொருந்தவேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தில் கோழித் தீவனத்துக்கு ஐ.எஸ். 1374 என்ற எண்ணில் ஓர் அளவுப் பிரமாணம் இருக்கிறது. அதன்படி முட்டைக்கோழி வம்சத்தின் குஞ்சுத் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு இருபதும், வளர்கோழித் தீவனத்தில் பதினாறும் குறையக்கூடாது. ஒன்றாம் நாள் முதல் எட்டு வாரம்வரை முதலாவது, பிறகு முட்டைக்கு வரும்வரை இரண்டாவது, அதற்குமேல்தான் லேயர். நம் வீடுகளிலோ எல்லா வயதுக் கோழியும் ஒரே வாசலில் ஒரே தட்டில் கொத்துகின்றனவே, என்ன செய்வது என்று கேட்பீர்கள். வளர்கோழித் தீவனத்தையே பொதுவாக வைத்து, உடைத்த கிளிஞ்சலை வேறொரு சட்டியில் தனியாக வைத்துவிட வேண்டும். முட்டையிடும் பெட்டை தன் தேவையை உணர்ந்து, முக்கியமாக ஓடு உருவாகும் இரவுக்கு முந்திய மாலைவேளையில், அந்தச் சட்டியைத் தேடிப் போகும். குஞ்சு ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டு விலகிவிடும்.

இரண்டாவது பாடம் புரத எண்ணைப் பற்றியது. சீட்டில் "கச்சாப் புரதம் 20 சதவீதம்" என்று இருப்பதைப் பார்த்து மனநிறைவு அடைகிறவர்கள், அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை அறிவது நல்லது. கோபன்ஹேகனில் மதுவடிக்கும் ஆலையொன்றைச் சேர்ந்த கார்ல்ஸ்பர்க் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஜோஹான் கெல்டால் என்ற ரசாயன அறிஞர் 1883இல் வகுத்த முறைப்படி, தீவனத்தைக் கந்தக அமிலத்தில் காய்ச்சி, அதிலுள்ள நைட்ரஜன் எவ்வளவென்று அளக்கிறார்கள். புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்குப் பதினாறு என்ற சராசரியைக் கொண்டு, அந்த அளவை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். அதாவது அளப்பது நைட்ரஜனை, எழுதுவது புரதத்தை. இந்த இடைவெளியில்தான் மோசடி நுழைகிறது. வயலுக்கு இடும் யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் அது 287 சதவீதப் புரதம் என்று காகிதத்தில் தோன்றும். நூறு கிலோ தீவனத்தில் ஒரே கிலோ யூரியாவைக் கலந்துவிட்டால், பதினேழு சதவீதப் புரதம் ஏறக்குறைய இருபதாகிவிடும். மாட்டுக்கு அசையிரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை ஓரளவு புரதமாக்கிக் கொடுக்கும். கோழிக்கு அந்தப் பை இல்லை. ஆகவே அதிக விலைக்கு வாங்கிய அந்த மூன்று சதவீதம் எச்சமாகப் போய்ச் சேரும்; குஞ்சோ இறகு வராமல் முதுகு வெறிச்சிட்டு, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டிலே வழி இல்லை. ஆனால் சீட்டிலேயே ஏமாற்றுக்காரர்கள் விரும்பாத இன்னொரு வரி இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. "அமிலத்தில் கரையாத சாம்பல்" என்று அதற்குப் பெயர். தீவனத்தை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், சுண்ணாம்பும் உப்பும் பாஸ்பரமும் கரைந்துபோகும். மணலும் உமியிலுள்ள சிலிக்காவும் கரையாமல் அடியில் நிற்கும். ஆகவே அந்த ஒரு எண், கருவாட்டுத்தூளோடு கடற்கரை மணலைக் கலந்தார்களா, தவிட்டோடு உமியை அரைத்துச் சேர்த்தார்களா என்ற இரண்டையும் ஒருங்கே காட்டிக்கொடுக்கிறது. குஞ்சுத் தீவனத்தில் அதற்கும் பிரமாணம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரியே அச்சிடாத மூட்டையை நான் வாங்குவதில்லை.

மணலை மாத்திரம் வீட்டில் பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் முக்கால் பாகம் தண்ணீர் விட்டு, இரண்டு பிடி தீவனத்தைப் போட்டுக் கலக்கி, ஒரு நிமிஷம் கழித்து மேலே மிதப்பதையும் கலங்கலையும் மெதுவாக வடித்து, மறுபடி தண்ணீர் விட்டு வடித்துக்கொண்டே போனால், கடைசியில் அடியில் கனமான துகள்கள் மிஞ்சும். அவற்றின்மேல் சிறிது வினிகரை விட்டால், கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் நுரைத்துக் கரையத் தொடங்கும்; நுரைக்காமல் விரலிடுக்கில் நறநறப்பது மணல். நூறு கிராம் தீவனத்தில் இரண்டரை கிராம் மணல் என்பது ஒரு தேக்கரண்டியில் மூன்றிலொரு பங்குதான். அம்மையாரும் நானும் அவருடைய பழைய மூட்டையைப் பரிசோதித்தபோது தேக்கரண்டி நிறைந்து வழிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தம்ளரை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

மூன்றாவது பாடம், சீட்டில் சதவீதமாக இல்லாமல் தேதியாக இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூத்திருந்த பூஞ்சாணத்தின் நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்ளாடாக்ஸின் என்ற பெயர் அப்போது பிறந்தது. கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் நம் தீவனத்துக்கு ஆதாரமானவை; நம் ஐப்பசி கார்த்திகை ஈரமோ பூஞ்சாணத்துக்குத் தாய்வீடு. தீவனத்தில் ஈரம் நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டலாகாது என்று பிரமாணம் சொல்வது இதனால்தான். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சாணம் வெயிலில் காய்ந்து உதிர்ந்த பிறகும் நஞ்சு இருக்கும். ஆதலால் கட்டி தட்டியது, முக்கு வாடை அடிப்பது, கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பது ஆகிய மூட்டையைக் காயவைத்துப் போடலாம் என்று எண்ணாமல் திருப்பிவிட வேண்டும். தயாரித்த தேதி ஒரு மாதத்துக்கு முந்தியதாயிருந்தாலும் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் வைட்டமின்களும் நாளாக ஆகத் தேய்கின்றன. மூட்டையைச் சுவரோரம் சாய்க்காமல் பலகைமேல் வைப்பது நலம்.

மூன்றாம் தடவை குஞ்சு வாங்கப் போவதற்கு முன் அம்மையார் என்னிடம் கேட்டது, "எந்தப் பண்ணைல வாங்கறதுங்க?" என்பது. பெயரைச் சொல்லுவது எளிது; அடுத்த ஆண்டு அந்தப் பெயர் அப்படியே இருக்குமா என்று யார் கண்டார்கள்? அரசினர் கோழிப் பண்ணை, பல்கலைக்கழகத்தின் நிலையம், வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றில் இனத்தைப் பற்றிய பொய் இருக்காது; காத்திருப்புத்தான் இருக்கும். தனியார் பொரிப்பகமானால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள் என்றேன்.

முட்டை பொரிக்க இருபத்தொரு நாள் ஆகும். பொரிப்பான் வைத்திருப்பவர் வாரத்தில் குறித்த நாட்களில்தான் முட்டையை அடுக்குவார். ஆகவே அவரிடம் குஞ்சும் குறித்த கிழமையில்தான் வெளிவரும். எந்த நாள் கேட்டாலும் எந்த இனம் கேட்டாலும் இப்போதே இருக்கிறது என்பவர் பொரிப்பவர் அல்லர். பல இடங்களிலிருந்து பல வயதுக் குஞ்சுகளைத் திரட்டி ஒரே கூண்டில் வைத்து விற்பவர். அந்தக் கூண்டு ஊர் ஊரான நோய்களுக்கும் சந்தை. "வர்ற வெள்ளிக்கிழமை வாங்க" என்கிறவரிடம் நம்பிக்கை வைக்கலாம்.

அடுத்தது மாரெக் தடுப்பூசி. 1907இல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் யோசெப் மாரெக் முதன்முதல் விவரித்த இந்த நோயில், மூன்று நான்கு மாதக் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக நீட்டிப் படுத்துவிடும், எழுந்திராது. கிருமி உதிரும் இறகுப்பொடியில் மாதக்கணக்கில் வாழ்வதால், குஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு ஊசி போட்டுப் பயனில்லை. பொரித்த அன்றே பொரிப்பகத்தில் கழுத்துத் தோலின் கீழ் போட்டாகவேண்டும். மருந்துக் குப்பி ஆயிரம் குஞ்சுக்கு உரியது. கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். வாரத்துக்கு நூறு குஞ்சு பொரிப்பவர் அந்தக் குப்பியைத் திறக்கத் தயங்குவது இதனால்தான். அவரைத் திட்டுவதைவிட, போட்டீர்களா இல்லையா என்று நேராகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது மேல். ராணிக்கேட்டுக்குரிய சொட்டு மருந்து அப்படியன்று. ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் நாமே கண்ணில் விடலாம். எட்டாம் வாரத்து ஊசியை அரசுக் கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள்.

மூன்றாவதைச் சொன்னபோது அம்மையாருக்கு வியப்பு. நல்ல பண்ணைக்காரர் உங்களைக் கொட்டகைக்குள் விடமாட்டார், விட்டால் அங்கே வாங்காதீர்கள் என்றேன். வருகிறவர் போகிறவரெல்லாம் செருப்புக்காலோடு தாய்க்கோழிகளின் நடுவே நடந்துபோகும் பண்ணையில் எந்த நோய்தான் நுழையாது? கோழியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், மாதாமாதம் பணம் தருகிறேன் என்று சொல்லிக் குஞ்சை விற்கிறவர்களைப் பற்றி, 2012இல் பெருந்துறை ஈமுக் கோழிக் கூத்தில் பணத்தைத் தொலைத்த உறவினர் வீட்டுக்கு வீடு இருக்கும் எங்கள் வட்டாரத்தில், நான் தனியாக எச்சரிக்கவேண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவருடன் நானும் போனேன். வாசலிலேயே நிறுத்தி, கிருமிநாசினி கரைத்த தொட்டியில் காலை நனைக்கச் சொன்னார்கள். அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சிரித்தார். நாலு அறையாகத் தடுத்து, அறைக்கு இருபத்தைந்தாக நூறு குஞ்சு கொள்ளும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஓர் அறையை மட்டும் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். பொரிக்குமுன் முட்டையின் மஞ்சட்கருவில் மிச்சமிருப்பதைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தொப்புளை மூடிக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோற்றைக் கொண்டே இரண்டு மூன்று நாள் தாங்கும். குஞ்சைத் தூரதேசத்துக்கு அனுப்ப முடிவதும் இதனாலே. ஆகையால் பார்க்கவேண்டிய இடம் முகமன்று, தொப்புள். அம்மையார் ஒவ்வொன்றாக எடுத்து மல்லாத்தினார். தொப்புள் உலர்ந்து மூடியிருக்கிறதா, கறுத்த பொருக்கோ ஈரமோ இருக்கிறதா என்று பார்த்தார். பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று இறகை விலக்கிப் பார்த்தார். மல்லாக்கப் போட்ட குஞ்சு ஒன்று இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் துள்ளி எழுந்து நின்றால் பெட்டிக்குள் விட்டார். இரண்டை ஒதுக்கினார்: ஒன்றுக்குத் தொப்புளில் நூல்போல ஈரமான சதை தொங்கிற்று, மற்றொன்று எழுந்திருக்கச் சோம்பிற்று. பண்ணைக்காரர் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்து, பில்லில் இனம், பொரித்த தேதி, மாரெக் ஊசி மூன்றையும் எழுதினார்.

வனராஜாக் குஞ்சு இருபத்தைந்து. கூடைக்குள் நூறு வாட் பல்பு. குஞ்சுகள் பல்பின் கீழ் குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு, பரவிப் படுத்துத் தூங்கினால் சரி என்று சொல்லிக் கொடுத்தேன். தெர்மாமீட்டர் கேட்டவருக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று மூன்றாகக் குறைக்கலாம் என்றும் சொன்னேன். ஆறு வாரத்தில் ஒன்று இறந்தது. மீதி இருபத்துநான்கும் தின்ற குஞ்சுத் தீவனத்தை அவர் நிறுத்து நிறுத்துப் போட்டதில் முப்பத்தெட்டுக் கிலோ, அதாவது தலைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், கணக்காயிற்று. ஏழாம் வாரம் வாசலில் திறந்துவிட்டபோது, அவை வேலியோரக் கரையான் புற்றைக் கண்டுபிடிக்க அரைமணி நேரங்கூட ஆகவில்லை.

மூட்டையில் மிச்சமிருந்த பன்னிரண்டு கிலோவுக்கு மேலே, தைத்திருந்த சீட்டை அறுக்காமல், அதன் பின்புறத்தில் பிரித்த தேதியைப் பென்சிலால் எழுதி, பலகைமேல் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் வினிகர்ப் புட்டியும் பழைய கண்ணாடித் தம்ளரும் இருந்தன.